தட்டில் படர்ந்த வெள்ளை: வேர்த்தூவியா, பூசணமா?

முள்ளங்கி விதையைத் தட்டில் நெருக்கமாகத் தூவி மூடி வைத்து, மூன்றாம் நாள் காலையில் திறந்தால், வேர்களைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பஞ்சு போலத் தெரியும். மைக்ரோகிரீன்ஸ் வளர்க்கத் தொடங்கும் பலரும் இந்தக் கட்டத்தில்தான் பயந்துபோய்ப் படம் எடுத்து, விவரம் தெரிந்தவர்களுக்கு அனுப்புகிறார்கள். பதில் வருவதற்குள் தட்டையே கொட்டிவிடுபவர்களும் உண்டு. அந்த நாளில், அந்தப் பயிரில், அது பெரும்பாலும் பூசணம் அல்ல, வேர்த்தூவிதான்.

வேரின் மேல்தோலில் உள்ள செல்கள் நூலிழைபோல நீண்டு வளர்வதே வேர்த்தூவி. ஒரு தூவி என்பது ஒரே ஒரு செல்லின் நீட்சி. நீரையும் உப்புகளையும் உறிஞ்சுவதற்காகப் பெரும்பாலான செடிகள் இதை வளர்க்கின்றன. மண்ணுக்குள் இருக்கும்போது நம் கண்ணில் படுவதில்லை. தட்டிலோ விதை மேலாகக் கிடக்கிறது, வேரின் ஒரு பகுதி ஈரக்காற்றில் நிற்கிறது, அதனால் தூவிகள் வெளிப்படையாகத் தெரிகின்றன. கடுகு, முள்ளங்கி, பிராக்கோலி ஆகியவற்றில் இது மிக அடர்த்தியாக இருக்கும்.

படத்தைப் பார்க்கும்போது நிறத்தை விட்டுவிட்டு இடத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டுமே தொடக்கத்தில் வெள்ளைதான். வேர்த்தூவி வேரை விட்டு நகராது. வேரின் நுனி மொட்டையாக இருக்கும். அதற்குச் சற்று மேலே குட்டைத் தூவிகளும், இன்னும் மேலே நீண்ட தூவிகளும், பாட்டில் கழுவும் பிரஷ்போல எல்லாப் பக்கமும் நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். தண்டும் வேரும் சேரும் இடத்தில் அடர்ந்த வளையமாகவும் தெரியலாம். பக்கத்தில் அதே வயதுள்ள முளைகளிலும் ஏறக்குறைய இதே கோலம் இருக்கும்.

பூசணத்துக்கு இப்படி ஓர் ஒழுங்கு கிடையாது. அது பெரும்பாலும் முளைக்காத விதை, உடைந்த விதை, உதிர்ந்த தோல் என்று உயிரற்ற ஒன்றில் தொடங்கி, அங்கிருந்து நாலாபுறமும் பரவும். இழைகள் ஒரு விதையிலிருந்து அடுத்த விதைக்கும், தண்டிலிருந்து தென்னை நார்த்தூளுக்கும் சிலந்திவலைபோலப் பின்னிச் செல்லும். சாம்பல், பச்சை, கறுப்பு என்று புள்ளிகள் தென்பட்டால் சந்தேகமே வேண்டாம்.

ஒரே ஒரு படம் பல நேரம் போதாது. முதல் படத்தைத் தண்ணீர் தெளிப்பதற்கு முன் எடுக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டால் வெள்ளை இழைகள் ஒன்றாகக் கரைந்துவிடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, பின்னால் கறுப்புத் துணியோ அட்டையோ நிறுத்தி, வேர் அளவுக்குக் குனிந்து எடுத்தால் இழை இழையாகப் பிரிந்து தெரியும். விரலால் பெரிதாக்கி எடுக்கும்போது, கைபேசியே படத்தை மழமழப்பாக்கித் தூவிகளை ஒரே வெண்புகையாக மாற்றிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் படம் சுருங்கும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

பிறகு ஸ்பிரேயரால் மெல்லிய தூறலாகத் தெளித்துவிட்டு, ஓரிரு நிமிடத்தில் அதே கோணத்தில் இன்னொரு படம். மூன்றாம் நாள் முள்ளங்கித் தட்டில் முதல் படத்தில் வேர்தோறும் பஞ்சு, இரண்டாவதில் எல்லா வேர்களும் ஒரே நேரத்தில் வழவழவென்று வெறுமையாக இருந்தால், அது வேர்த்தூவி. ஈரம் தூவிகளை வேரோடு ஒட்ட வைத்துவிடுகிறது; ஈரம் காய்ந்ததும் பெரும்பாலும் திரும்ப நிமிரும். அதே இரண்டாம் படத்தில் தட்டின் ஒரு மூலையில் மட்டும் வெள்ளைத் திட்டு மிச்சமிருந்து, அதன் இழைகளில் நீர்த்துளிகள் தொங்கினால், அந்த மூலையில் பூசணம். வேகமாகப் பீய்ச்சினால் பூசணமும் அமுங்கித் தூவிபோல மறைந்துவிடும் என்பதால், தூறல் மென்மையாக இருப்பது முக்கியம். சந்தேகம் தீராவிட்டால், மறுநாள் அதே இடத்தை மூன்றாவது படம் எடுங்கள். பூசணம் எல்லை தாண்டியிருக்கும். தூவி வேரோடேயே நிற்கும்.

துணியில் கட்டி முளைவிட்ட பாசிப்பயறில் கணக்கு சற்று வேறு. அங்கே முளை சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடுகிறோம். தூவி அவ்வளவாகத் தெரியாது. பயறின் உடல்மீதோ தோலின்மீதோ பஞ்சு இருந்தால் அது பூசணம் என்றே கொள்ளலாம். கழுவிச் சாப்பிடலாமே என்று தோன்றும், வேண்டாம். இழைகள் கண்ணுக்குத் தெரியாத தூரம்வரை பயறுகளுக்கு இடையே ஓடியிருக்கும், முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

பூசணம் இல்லை என்று படம் சொன்னாலும், சாப்பிடலாம் என்று அது சொல்லிவிடாது. 2011-இல் ஜெர்மனியில் 50-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ஈ.கோலை தொற்றை விசாரணையாளர்கள் முளைகட்டிய வெந்தயத்தோடு தொடர்புபடுத்தினார்கள். அந்தக் கிருமி எந்தக் கேமராவிலும் விழாது. நாற்றமோ பிசுபிசுப்போ இருந்தால் தட்டைக் கொட்டிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் தரும் முளைப்பயறை, படம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நன்றாக வேகவைத்துத்தான் தர வேண்டும்.