எல்லை எங்கே என்று நிருபர் கேட்டால்

ஊர் அம்மன் கோயிலின் வடக்கு மதிலுக்கு அப்பால் உள்ள காலியிடம் யாருடையது? பக்கத்து நிலத்துக்காரர் தன்னுடையது என்கிறார். ஊரார் கோயிலுடையது என்கிறார்கள். இந்த நேரத்தில் செயல் அலுவலரை நிருபர் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"ஆக்கிரமிப்பு" என்ற சொல்லை அலுவலர் அவசரப்பட்டு உதிர்த்தால், மறுநாள் அதுவே தலைப்பாகிவிடும். நிதானமான பதில் சர்வே எண்ணிலிருந்து தொடங்கும். அந்த எண் 'அ' பதிவேட்டில் யார் பெயரில், எவ்வளவு பரப்புடன் இருக்கிறது, புலப்படத்தில் அதன் வடக்கு எல்லை எத்தனை மீட்டர் என்பதை அவர் ஆவணத்தைப் பார்த்தே சொல்வார்.

மதில்தான் எல்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மதிலை எல்லைக்கு உள்ளே தள்ளியும் கட்டியிருக்கலாம், வெளியே நீட்டியும் கட்டியிருக்கலாம். புலப்பட அளவுகளின்படி, சர்வே கற்களிலிருந்து அளந்தால்தான் அது தெரியும். கல் காணாமல் போயிருந்தால், தாலுகா சர்வேயர் பக்கத்துப் புலங்களின் கற்களைக் கொண்டு இடத்தைக் குறிப்பார். இரு தரப்பையும் வைத்துக்கொண்டு அளப்பது பின்னால் வரும் சண்டையைக் குறைக்கும்.

ஆகவே நிருபருக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: "பதிவேட்டில் இப்படி இருக்கிறது. அளக்க மனு கொடுத்திருக்கிறோம். அளந்த பிறகு வரைபட நகலைத் தருகிறோம்." பட்டா மட்டுமே உரிமையை முடிவு செய்துவிடாது என்பதையும், உரிமையில் தகராறு நீடித்தால் உரிமையியல் நீதிமன்றம் பார்க்கும் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்வது நல்லது.