தொட்டில் பக்கம் - 9: நிப்பிளில் அச்சடித்த வயது

மருந்துக்கடையில் தொங்கும் நிப்பிள் அட்டைகளில் ‘0+’, ‘3+’, ‘6+’ என்று மாதக் கணக்கு இருக்கும். பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்தால் அடுத்த நம்பரை வாங்கியாக வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விசாரித்துப் பார்க்க விளம்பரமும் இல்லை. பால் பாட்டிலை விளம்பரப்படுத்தக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. நல்ல சட்டம்தான், ஆனால் அட்டையில் இருப்பதே வேதவாக்காகிவிடுகிறது.

அந்த எண் சொல்வது ஓட்டை வழியாகப் பால் எவ்வளவு வேகமாக வரும் என்பதைத்தான். அதற்கும் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒன்றின் ‘ஸ்லோ’ இன்னொன்றின் ‘மீடிய’த்தைவிட வேகமாக ஊற்றலாம். அதனால் பிள்ளையின் வயதைவிட, அது குடிக்கும் விதத்தைப் பார்த்துத்தான் நிப்பிளை மாற்ற வேண்டும்.

ஒரு மூன்றரை மாதக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். அம்மா வேலைக்குக் கிளம்பிவிட்டார். பகலில் பாட்டி பிழிந்த தாய்ப்பாலைப் பாட்டிலில் தருகிறார். ‘3+’ நிப்பிள் போட்ட நாளிலிருந்து 120 மில்லி ஐந்தே நிமிடத்தில் காலி. “பசி அதிகமாயிடுச்சு போல” என்று பாட்டிக்குச் சந்தோஷம். கூர்ந்து பார்த்தால் வாயோரம் பால் வழிகிறது; குழந்தை மூச்சுவிட இடைவெளி கிடைக்காமல் மடக் மடக்கென்று விழுங்குகிறது, விரல்களை விரித்து நெளிகிறது, நடுவே இருமுகிறது. பசியென்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. வருகிற பாலைச் சமாளிக்கிறது, அவ்வளவுதான். பழைய ‘0+’ நிப்பிளுக்கே திரும்பி, பிள்ளையைச் சற்று நிமிர்த்தி உட்கார வைத்து, பாட்டிலைக் கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில் பிடித்தால் அதே 120 மில்லிக்குக் கால் மணியிலிருந்து இருபது நிமிடம் ஆகும். அதுதான் சரியான வேகம். தாய்ப்பாலும் குடிக்கிற பிள்ளை கடைசிவரை மெதுவான நிப்பிளிலேயே இருந்தாலும் குறையில்லை.

மாறாக அரை மணி தாண்டியும் பால் தீராமல், உறிஞ்சி உறிஞ்சிச் சலித்துத் தூங்கிவிட்டால் வேகம் போதவில்லை. ஆனால் உடனே பெரிய சைஸுக்கு ஓட வேண்டாம். நிப்பிள் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். வளையத்தை இறுக்கித் திருகினால் காற்று நுழைகிற வழி அடைபட்டு இப்படி ஆகும். கால் சுற்றுத் தளர்த்தினால் பால் மறுபடி ஓடும். சூடான ஊசியால் ஓட்டையைப் பெரிதாக்குவது சில வீடுகளில் இன்னும் நடக்கிறது. எவ்வளவு பெரிதானது என்று யாருக்கும் தெரியாது. விளிம்பும் கிழியத் தொடங்கும். அதைச் செய்யாதீர்கள்.

ஓட்டை தானாகவும் பெரிதாகும். தினமும் கொதிக்கிற நீரில் கிடப்பதால் ரப்பர் நிப்பிள் பிசுபிசுத்து ஊதிப்போகும். சிலிக்கான் அதைவிடத் தாங்கும், ஆனால் பல் முளைத்த பிள்ளை கடித்தால் கீறல் விழும். கழுவும்போது நுனியைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். புது நிப்பிளையும் பழையதையும் தண்ணீர் நிரப்பித் தலைகீழாகப் பிடித்தால், முன்பு சொட்டியது இப்போது தாரையாக ஊற்றுவது தெரியும். அப்படியானால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கொதிக்க வைப்பதற்கு முன் சோப்பு நீரில் பிரஷ் போட்டுக் கழுவியிருக்க வேண்டும். பால் பிசுக்கு ஒட்டியிருந்தால் கிருமி அதனடியில் பதுங்கிக்கொள்ளும். எல்லாம் நீரில் முழுக மூழ்கி, உள்ளே காற்றுக்குமிழ் இல்லாமல், நீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து பத்து நிமிடம். குளோரின் மாத்திரைக் கரைசல் என்றால் அரை மணி. கரைசலை தினமும் மாற்ற வேண்டும். ஸ்டீல் பாட்டிலுக்கு அது ஆகாது, அரித்துவிடும். மைக்ரோவேவுக்கும் ஸ்டீல் கூடாது.

கடையில் அதிகம் விற்பது பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். லேசானது, கொதிநீரைத் தாங்கும். ஆனால் நீர் சூடாக இருக்க இருக்க அதிலிருந்து நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதிகம் கழல்வதை டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020-ல் காட்டினார்கள். பவுடர் பாலுக்கோ, அதிலுள்ள கிருமி சாக, 70 டிகிரிக்குக் குறையாத நீர் வேண்டும். இரண்டுக்கும் ஒரே வழி: ஸ்டீல் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கலந்து, ஆறவைத்து, பிறகு பாட்டிலில் ஊற்றுவது. போரோசிலிகேட் கண்ணாடிப் பாட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கனமும் உடையும் பயமும்தான்.

ஆறு மாதத்துக்கு மேல் சிப்பர் வரும். கவிழ்த்தாலும் சிந்தாத சிப்பரில் மூக்குக்கு அடியில் சின்ன சிலிக்கான் வால்வு இருக்கிறது. பலர் அதைக் கழற்றுவதே இல்லை; மடிப்புக்குள் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்திருக்கும். வாங்கும்போதே கடையில் அதைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். கழற்ற வராத சிப்பர் என்றால் வேண்டாம், சின்ன ஸ்டீல் டம்ளரே போதும்.