வகுக்காமலே மீதி

2x³ − 11x + 6 என்ற பல்லுறுப்புக்கோவையை x − 3 என்ற ஒருபடிக் கோவையால் வகுத்தால் ஓர் ஈவும் ஒரு மீதியும் கிடைக்கும். வகுக்கும் முறை ஆரம்பப் பள்ளியில் எண்களுக்குக் கற்றுத்தரும் நீள் வகுத்தலேதான். அங்கே நூறு, பத்து, ஒன்று என்ற இடமதிப்புகள் இருந்தன. இங்கே அந்த இடங்களில் x³, x², x, மாறிலி என்று அடுக்குகள் நிற்கின்றன.

வகுக்கத் தொடங்குமுன் கோவையை உயர்ந்த படியிலிருந்து இறங்குவரிசையில் எழுதிக்கொள்ள வேண்டும். இந்தக் கோவையில் x² உறுப்பு இல்லை. இல்லாவிட்டாலும் அதற்குரிய இடத்தை விட்டுவிடக் கூடாது. 0x² என்று எழுதி வைக்க வேண்டும். 305 என்ற எண்ணின் நடுவே இருக்கும் பூச்சியத்தை யாரும் விட்டுவிடுவதில்லை அல்லவா? 12ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் பிறந்த கணித அறிஞர் அல்-சமவால் கெழுக்களை அட்டவணையாக அடுக்கி வகுத்தபோதும், உறுப்பில்லாத கட்டத்தில் பூச்சியத்தை இட்டே கணக்கைக் கொண்டுபோனார்.

```
              2x² +  6x +  7
x − 3 ) 2x³ + 0x² − 11x +  6
        2x³ − 6x²
        ---------
              6x² − 11x
              6x² − 18x
              ---------
                     7x +  6
                     7x − 21
                     -------
                          27
```

ஒவ்வொரு சுற்றிலும் நடப்பது ஒன்றே. மேலே நிற்கும் கோவையின் முதல் உறுப்பை x-ஆல் வகுக்க வேண்டும். 2x³-ஐ x வகுத்தால் 2x². அதை ஈவின் வரிசையில் எழுதி, x − 3 முழுவதையும் அதனால் பெருக்கினால் 2x³ − 6x² வருகிறது. இதை மேலே உள்ளதிலிருந்து கழித்தால் 2x³ மறைந்து 6x² எஞ்சுகிறது. அடுத்த உறுப்பான −11x-ஐ இறக்கி, 6x² − 11x என்பதோடு அதே வேலையைத் திரும்பச் செய்யலாம். இப்படி ஒவ்வொரு சுற்றிலும் படி ஒன்றாவது குறையும். எஞ்சியதன் படி வகுக்கும் கோவையின் படியைவிடக் குறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். இங்கே x − 3-இன் படி 1. ஆகவே x இல்லாத வெறும் எண்ணான 27 வந்ததும் கணக்கு முடிகிறது. ஈவு 2x² + 6x + 7, மீதி 27.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது கழிக்கும் இடத்தில்தான். 0x²-இலிருந்து −6x²-ஐக் கழித்தால் +6x² வர வேண்டும். அவசரத்தில் −6x² என்று எழுதிவிட்டால், அதற்குப் பின் ஒவ்வொரு படியையும் சரியாகவே செய்தாலும் மீதி −81 என்று வந்து நிற்கும். கணக்கின் தோற்றத்தில் ஒரு குறையும் தெரியாது. அதனால் விடையைச் சரிபார்க்க வேறொரு வழி கைவசம் இருப்பது நல்லது. அந்த வழி வகுத்தலின் விடைக்குள்ளேயே இருக்கிறது.

வகுத்துப் பெற்றதை ஒரே வரியில் இப்படி எழுதலாம்:

2x³ − 11x + 6 = (x − 3)(2x² + 6x + 7) + 27

இது தீர்க்க வேண்டிய சமன்பாடு அன்று, முற்றொருமை. அதாவது x-க்கு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் இருபுறமும் ஒன்றாகவே இருக்கும். x = 10 என்று வைத்துப் பார்க்கலாம். இடப்புறம் 2000 − 110 + 6 = 1896. வலப்புறம் 7 × 267 + 27, அதுவும் 1896. ஆனால் 1896 என்ற எண்ணை 7-ஆல் வகுக்கச் சொன்னால் ஈவு 270, மீதி 6 என்றுதான் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். 267-உம் 27-உம் என்று சொல்லாது. முரண் எதுவும் இல்லை. எண்களை வகுக்கும்போது மீதி, வகுத்தியைவிடச் சிறிய எண்ணாக இருக்க வேண்டும். கோவைகளில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. மீதியின் படி குறைவாக இருந்தால் போதும். இந்த வேறுபாடு பிடிபடாதவர்கள் 27 என்ற மீதியைப் பார்த்து, இன்னும் வகுக்க வேண்டியிருக்கிறதோ என்று குழம்புவதுண்டு.

எந்த மதிப்பையும் கொடுக்கலாம் என்றால், x = 3 என்று கொடுத்தால் என்ன ஆகும்? x − 3 பூச்சியமாகிவிடும். அதனோடு பெருக்கப்பட்டிருக்கும் ஈவு எதுவாயினும், அந்தப் பெருக்கற்பலன் முழுவதும் பூச்சியமாகி, வலப்புறத்தில் மீதி மட்டும் தனித்து நிற்கும். இடப்புறத்தில் 2 × 27 − 11 × 3 + 6 = 54 − 33 + 6 = 27. நீள் வகுத்தல் மூன்று சுற்றுகளில் தந்த எண் இங்கே ஒரே வரியில் வந்துவிட்டது. மேலே கண்ட −81 தவறு என்பதும் இந்த ஒரு வரியிலேயே அம்பலமாகிவிடும்.

இதுதான் மீதித் தேற்றம். p(x) என்ற கோவையை x − a-ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதி p(a). x இருக்கும் இடமெல்லாம் a-ஐப் போட்டு வரும் மதிப்பே மீதி. வகுக்கும் கோவை ஒருபடியாக இருப்பதால்தான் மீதி ஒரே எண்ணாகிறது. இருபடிக் கோவையால் வகுத்தால் மீதியில் x-உம் இடம்பெறலாம். அப்போது ஒரே ஒரு மதிப்பை இட்டு மீதி முழுவதையும் அறிய முடியாது.

மீதி பூச்சியம் என்றால் வகுத்தல் மிச்சமின்றி முடிகிறது என்று பொருள். அப்போது x − a அந்தக் கோவையின் காரணி. மீதி பூச்சியமில்லை என்றால் அது காரணி இல்லை. காரணித் தேற்றம் என்று பாடநூல்கள் தனித் தலைப்பில் சொல்வது இதைத்தான். 1637இல் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் தம் வடிவியல் நூலில், சமன்பாட்டின் மூலத்துக்கும் காரணிக்கும் உள்ள இந்த உறவை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

இனி 2x³ − 11x + 6-இன் காரணிகளைத் தேடலாம். எந்த எண்களைச் சோதிப்பது என்பதே முதல் கேள்வி. a என்ற முழு எண் கோவையைப் பூச்சியமாக்குகிறது என்றால் 2a³ − 11a = −6, அதாவது a(2a² − 11) = −6. அடைப்புக்குள் இருப்பதும் முழு எண்ணே. ஆகவே a என்பது 6-ஐ மீதியின்றி வகுக்கும் எண்ணாகத்தான் இருக்க முடியும். 1, 2, 3, 6, அவற்றின் எதிர்க்குறி எண்கள் என எட்டே எட்டு எண்களைப் பார்த்தால் போதும். 4-ஐயோ 5-ஐயோ இட்டுப் பார்ப்பது வீண்வேலை.

x = 1 என்றால் மதிப்பு −3. ஆகவே x − 1 காரணி இல்லை. x = 2 என்றால் 16 − 22 + 6 = 0. ஆகவே x − 2 ஒரு காரணி. குறியில் ஏமாறுபவர்கள் இங்கேயும் உண்டு. x + 2-ஐச் சோதிக்க x = −2 என்று இட வேண்டும், 2 என்று அல்ல. −2-ஐ இட்டால் −16 + 22 + 6 = 12 வருகிறது; எனவே x + 2 காரணி இல்லை. எந்த எண் வகுக்கும் கோவையைப் பூச்சியமாக்குமோ அதையே இட வேண்டும் என்று நினைவில் வைத்தால் இந்தக் குழப்பம் வராது. 2x − 1 போன்ற கோவைகளுக்கும் இதே விதிதான். அதைப் பூச்சியமாக்குவது ½; அதை இட்டால் ¼ − 5½ + 6 = ¾. பூச்சியம் வராததால் 2x − 1-உம் காரணி இல்லை.

மீதித் தேற்றம் மீதியை மட்டுமே சொல்லும், ஈவைச் சொல்லாது. காரணி கிடைத்தபின் எஞ்சிய கோவையை அறிய மீண்டும் வகுத்தாக வேண்டும். ஆனால் மதிப்பைக் கணக்கிடும் விதத்தைச் சற்று மாற்றினால் ஈவும் கூடவே வந்துவிடும். கோவையின் கெழுக்கள் 2, 0, −11, 6. முதல் கெழு 2-ஐ அப்படியே எழுதி, அதை 2-ஆல் பெருக்கி அடுத்த கெழு 0-ஐக் கூட்டினால் 4. அதை 2-ஆல் பெருக்கி −11-ஐக் கூட்டினால் −3. மறுபடி 2-ஆல் பெருக்கி 6-ஐக் கூட்டினால் 0. கடைசியில் வந்த 0 மீதி; அதற்கு முன் வந்த 2, 4, −3 ஆகியவை ஈவின் கெழுக்கள். அதாவது ஈவு 2x² + 4x − 3. இதே வேலையை 3-ஐ வைத்துச் செய்தால் 2, 6, 7, 27 என்று வரும். மேலே நீள் வகுத்தலில் கண்ட அதே எண்கள். தொகுமுறை வகுத்தல் என்பது இதுதான். நீள் வகுத்தலில் திரும்பத் திரும்ப எழுதிய x-களை நீக்கிவிட்டால் எஞ்சுவது இவ்வளவே.

இப்போது கோவை (x − 2)(2x² + 4x − 3) என்று பிரிந்திருக்கிறது. இரண்டாவது பகுதியையும் பிரிக்க முடியுமா? மீதமிருக்கும் எண்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தால் ஒன்றும் பூச்சியம் தருவதில்லை. அதற்காக வேறு ஒருபடிக் காரணியே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. முழு எண் காரணி இல்லை என்பது மட்டுமே இதனால் உறுதியாகிறது. மூலக் கோவையில் x = 0 என்றால் மதிப்பு 6; x = 1 என்றால் −3. நேர்க்குறியிலிருந்து எதிர்க்குறிக்கு மாறும்போது இடையில் எங்கோ ஓரிடத்தில் அது பூச்சியத்தைக் கடந்தே ஆக வேண்டும். அதுபோலவே x = −3-இல் −15-உம் x = −2-இல் 12-உம் வருவதால், அந்த இரண்டுக்கும் இடையிலும் ஒரு பூச்சியம் இருக்கிறது. இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தைக் கொண்டு பார்த்தால் அவை (−2 + √10)/2, (−2 − √10)/2 எனக் கிடைக்கின்றன. பின்ன எண்களாகக்கூட எழுத முடியாத விகிதமுறா எண்கள் இவை. எத்தனை பின்னங்களை இட்டுச் சோதித்திருந்தாலும் அகப்பட்டிருக்க மாட்டா.

முதல் எண்ணைக் கால்குலேட்டரில் போட்டால் ஏறத்தாழ 0.581 என்று காட்டும். அதை நம்பி x − 0.581 ஒரு காரணி என்று எழுதுவது தவறு. 0.581-ஐக் கோவையில் இட்டால் பூச்சியம் வருவதில்லை, சுமார் 0.0012 வருகிறது. இது சிறிய மீதிதான், ஆனாலும் மீதி.