ஒவ்வொரு கோடாக இச்சிமோக்கு

சார்ட்டில் முதன்முறையாக இச்சிமோக்குவைப் போடுபவருக்கு ஐந்து கோடுகளும், நடுவில் பச்சையும் சிவப்புமாக ஒரு மேகமும் ஒரே நேரத்தில் வந்து விழும். விலையைக் காட்டும் கேண்டில்களே அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகும். பலரும் அந்த நிமிடமே அதை எடுத்துவிட்டு, பழகிய மூவிங் ஆவரேஜுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. செட்டிங்ஸுக்குப் போய் எல்லாக் கோடுகளின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். Base Line என்ற ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். இது புரிந்தால் மற்ற மூன்று கோடுகளும் இதே கணக்கின் உறவுகள்தான் என்பது தானாகத் தெரியும். ஐந்தாவது மட்டும் தனி ஜாதி.

இதை உருவாக்கியவர் கோயிச்சி ஹொசோதா என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தொடங்கி, மாணவர்களை வைத்துக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்து, 1960களின் இறுதியில்தான் இச்சிமோக்கு சன்ஜின் என்ற புனைபெயரில் புத்தகமாக வெளியிட்டார். இதன் முழுப்பெயர் இச்சிமோக்கு கின்கோ ஹ்யோ. ஒரே பார்வையில் சமநிலையைக் காட்டும் வரைபடம் என்று பொருள். இந்தச் ‘சமநிலை’ என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. வாங்குபவர்கள் விலையை எவ்வளவு மேலே தள்ளினார்கள், விற்பவர்கள் எவ்வளவு கீழே இறக்கினார்கள் என்று பார்த்து, இரண்டுக்கும் நடுப்புள்ளியைச் சமநிலை விலையாக எடுத்துக்கொண்டார் ஹொசோதா.

இப்போது திரையில் இருக்கும் Base Line-க்கு ஜப்பானியப் பெயர் கிஜுன்-சென், அதாவது அடிப்படைக் கோடு. கணக்கு இவ்வளவுதான்:

```
(26 நாள் High + 26 நாள் Low) / 2
```

ஒரு பங்கைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். இன்றைய முடிவு விலை 534 ரூபாய். இன்றையும் சேர்த்துக் கடந்த 26 வர்த்தக நாட்களில் அது தொட்ட அதிகபட்சம் 540, குறைந்தபட்சம் 460. நடுப்புள்ளி 500. கிஜுன் இன்று 500-இல் நிற்கும். ஜப்பானில் சனிக்கிழமையும் சந்தை நடந்த காலத்தில் ஒரு மாதத்தின் வர்த்தக நாட்கள் ஏறத்தாழ 26. அந்த எண் இங்கே வந்ததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் அதுதான். ஆக, கடந்த ஒரு மாத இழுபறியின் நடு 500 ரூபாய், பங்கு அதைவிட 34 ரூபாய் மேலே இருக்கிறது.

புதியவர் இங்கேதான் முதல் தவறு செய்கிறார். இதையும் ஒரு மூவிங் ஆவரேஜ் என்று நினைத்துவிடுகிறார். மூவிங் ஆவரேஜில் எல்லா நாட்களின் முடிவு விலையும் கலப்பதால் அது தினமும் கொஞ்சம் நகரும். கிஜுனுக்கு இரண்டே இரண்டு விலைகள்தான் தெரியும், உச்சமும் தாழ்வும். இடையில் நடந்த எதுவும் அதன் கணக்கில் வராது. அதனால்தான் பல நாட்கள் மேசை விளிம்பு போலத் தட்டையாகக் கிடந்துவிட்டு, திடீரென ஒருநாள் படி ஏறுகிறது.

நம் பங்கிலேயே அதைப் பார்க்கலாம். அந்த 460 என்ற தாழ்வு, 26 நாட்களில் மிகப் பழைய நாளன்று வந்தது என்று வையுங்கள். நாளை பங்கு 526-க்கும் 538-க்கும் இடையே சும்மா ஆடிவிட்டு, இன்றைய விலையிலேயே முடிகிறது. புதிய உச்சமும் இல்லை, புதிய தாழ்வும் இல்லை. ஆனால் அந்தப் பழைய நாள் கணக்கிலிருந்து வெளியே போய்விடுகிறது. மிச்சமிருக்கும் நாட்களின் தாழ்வு 476 என்றால் கிஜுன் 508-க்கு ஏறிவிடும். விலை ஒரு பைசாவும் ஏறவில்லை, கோடு மட்டும் 8 ரூபாய் ஏறியது. இதைப் பார்த்து ‘ஏற்றம் வலுத்துவிட்டது’ என்று வாங்கப் போகிறவர்கள் உண்டு. கிஜுன் நகர்ந்தால், புதிய உச்சத்தாலா, பழைய தாழ்வு உதிர்ந்ததாலா என்று முதலில் பாருங்கள். முதலாவதுதான் சந்தை சொல்லும் செய்தி. இரண்டாவது வெறும் காலண்டர்.

அடுத்து Conversion Line-க்கு டிக் போடுங்கள். இது தென்கன்-சென், திருப்பக் கோடு. அதே கணக்கு, 26-க்குப் பதில் 9 நாட்கள். நம் பங்கின் 9 நாள் உச்சம் 540, தாழ்வு 500, நடு 520. குறுகிய கால நடு 520-இல், ஒரு மாத நடு 500-இல் இருப்பதால், அண்மையில் வாங்குபவர்களின் கை ஓங்கியிருக்கிறது. தென்கன் கிஜுனைக் கீழிருந்து மேலாக வெட்டினால் வாங்கலாம், மேலிருந்து கீழாக வெட்டினால் விற்கலாம் என்பது எல்லோரும் சொல்லும் பாடம். அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம் என்பேன். விலை ஒரே இடத்தில் சுற்றும் நாட்களில் இந்த இரண்டு கோடுகளும் மாறி மாறி வெட்டிக்கொண்டே இருக்கும்.

இப்போது மேகம். அதன் இரண்டு விளிம்புகளும் இரண்டு கோடுகள்தான். Leading Span B என்பது 52 நாள் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் நடு. நம் பங்கின் 52 நாள் உச்சம் 540, தாழ்வு 420, ஆக நடு 480. Leading Span A என்பது தென்கனுக்கும் கிஜுனுக்கும் நடு, அதாவது 520-க்கும் 500-க்கும் நடுவான 510. ஜப்பானிய மொழியில் இவை சென்கோ, முன்னே செல்பவை. இன்று கணக்கிட்ட இந்த 510-யும் 480-யும் இன்றைய கேண்டிலுக்கு நேரே வரையாமல், 26 நாள் வலப்பக்கம் தள்ளி வரைகிறார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதிக்கு நிறம் பூசினால் அதுதான் குமோ, மேகம். A மேலே இருந்தால் பெரும்பாலான சார்ட்டுகளில் பச்சை, B மேலே இருந்தால் சிவப்பு.

என் அக்கா மகனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது, “மாமா, அப்போ ஒரு மாசம் கழிச்சு விலை எங்க இருக்கும்னு இது இப்பவே காட்டுதா?” என்று கேட்டான். இந்தக் கேள்வி எழாத ஆளே இல்லை. பதில், இல்லை. வலப்பக்கம் நீளும் மேகத்தில் எதிர்காலத்தைப் பற்றிய எந்தத் தகவலும் கிடையாது. கடந்த 52 நாட்களின் நடுப்புள்ளிகளை இடம் மாற்றி வைத்திருக்கிறோம், அவ்வளவே. இப்படித் தள்ளி வைப்பதன் பயனைக் காண, இன்றைய கேண்டிலுக்கு நேரே இருக்கும் மேகத்தைப் பார்க்க வேண்டும். அது ஒரு மாதத்துக்கு முன் கணக்கிட்டது. அன்று தென்கனும் கிஜுனும் 460, 52 நாள் நடு 475 என்று வைத்துக்கொள்வோம். எனவே இன்றைய விலைக்கு நேரே 460 முதல் 475 வரை ஒரு மெல்லிய மேகம், அதுவும் சிவப்பில். விலையோ 534. ஒரு மாதத்துக்கு முன் சமநிலையாக இருந்த விலைகளை எல்லாம் தாண்டி இன்றைய விலை நிற்கிறது என்பதுதான் ‘மேகத்துக்கு மேலே’ என்ற சொல்லின் பொருள்.

அந்தச் சிவப்பைக் கண்டு பதற வேண்டாம். அது ஒரு மாதத்துக்கு முந்தைய நிலையின் நிறம். வலது ஓரத்தில், மேகத்தின் முனையில் இருப்பது 510-க்கும் 480-க்கும் இடைப்பட்ட பச்சை. அதுதான் இன்றைய கணக்கு. இரண்டுக்கும் இடையில் எங்கோ A, B-யைக் கடந்து மேலே போயிருக்கிறது. விலைக்கு நேரே மேகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், நிறத்தை முனையில் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கடைசிக் கோடு Lagging Span, சிக்கோ. இதில் உச்சம், தாழ்வு, நடு எதுவும் இல்லை. இன்றைய முடிவு விலையை அப்படியே 26 நாள் இடப்பக்கம் தள்ளி வைக்கிறார்கள். நம் 534, அந்தப் பழைய கேண்டிலுக்கு நேரே போய் உட்காரும். அன்றைய முடிவு விலை 470. கோடு அதைவிட உயரத்தில் இருக்கிறது, ஆகவே பங்கு ஒரு மாதத்துக்கு முன்பைவிட 64 ரூபாய் ஏறியிருக்கிறது. மிக எளிய ஒப்பீடு. ஆனால் பழைய சார்ட்டில் பயிற்சி எடுப்பவரை மோசமாக ஏமாற்றுவதும் இதுதான். மார்ச் மாதக் கேண்டிலுக்கு நேரே தெரியும் சிக்கோ, ஏப்ரலில் வந்த விலை. மார்ச்சில் சார்ட்டைப் பார்த்தவருக்கு அது அங்கே இருந்திருக்காது. ‘பார், சிக்கோ எவ்வளவு அழகாக முன்கூட்டியே சொல்லியிருக்கிறது’ என்று தோன்றினால், விடைத்தாளைப் பார்த்துக்கொண்டு கேள்விக்குப் பதில் எழுதுகிறோம் என்று பொருள். பழைய சார்ட்டை வைத்துச் சோதிக்கும்போது இந்தக் கோட்டின் டிக்கை எடுத்துவிடுவதே நல்லது.

இன்னொரு சிறு விஷயம். ஹொசோதாவின் வழக்கப்படி இன்றைய கேண்டிலையும் சேர்த்தே 26 என்று எண்ண வேண்டும், ஆக உண்மையில் நகர்வது 25 கேண்டில்கள். சில மென்பொருள்கள் முழுதாக 26 நகர்த்துகின்றன. இரண்டு ஆப்களில் மேகம் ஒரு கேண்டில் தள்ளித் தெரிந்தால் காரணம் இதுதான். ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து கோடுகளுக்கும் இப்போது டிக் போட்டாயிற்று. நம் பங்கில் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்திருக்கின்றன: விலை மேகத்துக்கு மேலே, தென்கன் கிஜுனுக்கு மேலே, முனையில் பச்சை, சிக்கோவும் பழைய விலைக்கு மேலே. இப்படி ஒரு திசையில் நடக்கும் பங்கில்தான் இந்த முறை உதவும். அப்போதும் 534-இல் வாங்குபவர், கிஜுன் நிற்கும் 500 வரை விலை திரும்பி வந்தால் தாங்குவாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஏற்றம் உடையாமலேயே விலை அங்கே போய்வருவது சாதாரணம்.

திசை இல்லாத பங்கை அடையாளம் காண்பதும் கடினமில்லை. கிஜுன் வாரக்கணக்கில் தட்டையாகக் கிடக்கும். தென்கன் அதை மேலும் கீழுமாக வெட்டும். மேகம் மெலிந்து நூலாகி, விலை அதற்குள் நுழைந்து நுழைந்து வெளியே வரும். அந்த நாட்களில் இச்சிமோக்கு காட்டும் ஒவ்வொரு வெட்டுக்கும் வாங்கி விற்றால் பணம் கமிஷனுக்கே போய்விடும். அண்மையில் ஐ.பி.ஓ. வந்த பங்கிலோ பார்க்கவே மேகம் இருக்காது. B கோட்டுக்கு 52 நாட்கள் வேண்டும், அது 25 நாள் தள்ளித்தான் வரையப்படும். பங்கு பட்டியலாகி 77 வர்த்தக நாட்கள் ஆன பிறகுதான் விலைக்கு நேரே முழு மேகம் வந்து நிற்கும்.