மூன்று படுகைகளில் ஒன்றை மூடும்போது

சிறிய குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை மேம்படுத்தும் பணிக்கான தொழில்நுட்ப முன்மொழிவில் 'செயல்முறை' என்றொரு பகுதி வரும். ஊருக்குத் தண்ணீர் நிற்காமல் வேலை எப்படி நடக்கும் என்பதற்கு அங்கே விடை இருக்க வேண்டும். 'விநியோகம் பாதிக்கப்படாது' என்ற உறுதிமொழி விடையாகாது. வரிசையும் கணக்கும்தான் விடை.

நாளொன்றுக்கு 30 லட்சம் லிட்டர் தரும் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் 8 சதுர மீட்டர் பரப்புள்ள மணல் வடிகட்டிப் படுகைகள் மூன்று. சதுர மீட்டருக்கு மணிக்கு 6,000 லிட்டர் வரை வடிகட்டலாம் என்று வைத்தால், ஒரு படுகை மணிக்கு 48,000 லிட்டர் தரும். மணலை மாற்ற ஒன்றை மூடினால், மீதி இரண்டும் நாளெல்லாம் ஓடியும் 23 லட்சம் லிட்டர்தான் கிடைக்கும். படுகைகளைக் கழுவும் நேரத்தைக் கழித்தால் இன்னும் குறையும். ஆக, 7 லட்சம் லிட்டருக்கு மேல் துண்டு விழுகிறது.

புதிய படுகையில் மணலின் மேல் ஆந்த்ரசைட் என்னும் நிலக்கரித் துகள் அடுக்கும் போடப்படுகிறது. தெளிவுத் தொட்டியிலிருந்து வரும் நீர் நன்றாக இருந்தால், அது சதுர மீட்டருக்கு மணிக்கு 8,000 லிட்டர் வரை தாங்கும். எனவே இரண்டாவது படுகையை மூடும்போது பற்றாக்குறை 3 லட்சமாகச் சுருங்கும்; மூன்றாவதன்போது ஏறக்குறைய மறைந்துவிடும். கடினமான கட்டம் முதல் படுகைதான். தேவை குறைந்த மழைக்காலம் அதற்கு ஏற்றதாகத் தோன்றினாலும், ஆற்றுநீர் கலங்கி வரும் வாரங்கள் ஆகாது. துண்டு விழும் தண்ணீரை முறைவைத்து விடுவதா, லாரியில் கொடுப்பதா என்பதையும் முன்மொழிவிலேயே எழுதிவிட வேண்டும்.

திட்டங்கள் பெரும்பாலும் சறுக்குவது பழைய வால்வில். மூடிய பிறகும் கசியும் வால்வு, காலி செய்த படுகையை மெல்ல நிரப்பிக்கொண்டிருக்கும். ஆகவே, மணலை அள்ளுவதற்குப் பல வாரங்கள் முன்பே படுகையை ஒருமுறை வடித்து, வால்வுகளை மூடி, நீர்மட்டம் ஏறுகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. ஏறினால் வால்வைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

புதுக் குழாயைப் பழையதோடு இணைக்க நிலையம் முழுவதையும் சில மணி நேரம் நிறுத்த நேரிடும். மேல்நிலைத் தொட்டி நிரம்பிய பின், இரவில் இதைச் செய்வார்கள். பழைய குழாயை அறுத்துவிட்டால் திரும்ப வழியில்லை. அதனால் புதுப் பகுதி, நட்டு, கேஸ்கெட், மாற்று மோட்டார் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்று சரிபார்த்து, பொறியாளர் கையெழுத்திட்ட பிறகே அறுவை. குறிப்பிட்ட மணிக்குள் அந்தக் கையெழுத்து விழாவிட்டால் வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போகும்.

மணல் நிரப்பியதும் படுகையைக் கழுவி, மேலே படியும் நுண்துகளைச் சுரண்டி நீக்கி, குளோரின் நீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு வடியும் நீர், கலங்கல் 1 என்.டி.யு.வுக்குக் கீழே இறங்கும்வரை வடிகாலுக்குத்தான் போகும். கிருமிப் பரிசோதனை முடிவு வர ஓரிரு நாள் ஆகும். அவசர அவசரமாகப் போடும் கால அட்டவணைகளில் விடுபடுவது இந்த ஓரிரு நாள்தான். முடிவு கைக்கு வந்து, புதிய படுகை கூடுதல் வேகத்திலும் சில நாள் கலங்கலின்றி ஓடிக் காட்டிய பிறகே அடுத்த படுகையை மூடலாம்.