பூட்டு உடைந்ததா, கொண்டி கழன்றதா?

கட்டுமான இடத்தில் திருட்டு போனால், “ஸ்டோர் ரூம் பூட்டை உடைத்து மெஷின்களைத் திருடிவிட்டார்கள்” என்றுதான் பெரும்பாலும் புகார் எழுதுகிறார்கள். கான்ட்ராக்டருக்கும் போலீசுக்கும் அந்த வரி போதாது.

ஓர் அடுக்குமாடிக் கட்டட வேலை என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை மாலை 6.15-க்கு ஸ்டோர் கீப்பர் அறையைப் பூட்டினார். திங்கள் காலை 7.40-க்கு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. பூட்டு உடையவில்லை, கொண்டியின் ஸ்க்ரூக்களைக் கழற்றியிருந்தார்கள். இதை “பூட்டை உடைத்து” என்று எழுதினால், நேரில் வந்து பார்க்கும் போலீசுக்கு முதல் சந்தேகமே புகார் மேல்தான் வரும். கண்ணால் கண்டதை அப்படியே எழுத வேண்டும். போலீஸ் வரும்வரை கதவையும் கொண்டியையும் தொடக்கூடாது.

நேரம் அடுத்தது. “ஞாயிறு இரவு திருடினார்கள்” என்பது ஊகம். கடைசியாகப் பூட்டியது எப்போது, திறந்து கிடந்ததைப் பார்த்தது எப்போது என்ற இரண்டு மட்டுமே நிச்சயம். ஞாயிறு இரவு 9 மணிக்குக் கதவு மூடியிருந்ததாக வாட்ச்மேன் சொன்னால், அவர் சொன்னதாகவே அது பதிவாக வேண்டும். கேமரா இருந்தால் பதிவை உடனே தனியாக எடுத்து வைக்க வேண்டும். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். அதன் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தியிருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது பொருள் பட்டியலில்தான். “கட்டிங் மெஷின் 2” என்று எழுதினால், பழைய இரும்புக் கடையில் அதே மெஷின் கிடைத்தாலும் நம்முடையது என்று நிரூபிக்க முடியாது. கம்பெனி, மாடல், சீரியல் எண், வாங்கிய தேதி, விலை எல்லாம் வேண்டும். மெஷினோடு தகடும் போய்விட்டால் சீரியல் எண்ணைப் பில்லிலோ அட்டைப்பெட்டியிலோ தேடலாம். அதுவும் கிடைக்காவிட்டால், ஒயரில் சுற்றிய மஞ்சள் டேப், கைப்பிடியில் இருந்த விரிசல் போன்ற அடையாளங்களை எழுதலாம். ஸ்டாக் நோட்டோடு ஒத்துப்பார்க்காமல் பட்டியல் போடக்கூடாது. முந்தின நாள் மேல்மாடிக்குக் கொண்டுபோன டிரில்லிங் மெஷின் அங்கேயே கிடக்கலாம். வாடகை மெஷின் என்றால் உரிமையாளர் வேறொருவர் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடம் அது என்பதும் புகாரில் தெளிவாக இருக்கட்டும். பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. இத்தகைய கட்டடத்தில் நடந்த திருட்டுக்கு 305-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை.

போன வாரம் வேலையை விட்டு நின்ற பையன்தான் எடுத்திருப்பான் என்று எழுதத் தோன்றும். தயவுசெய்து எழுதாதீர்கள். அவர் எந்தத் தேதியில் நின்றார், சாவியைத் திருப்பிக் கொடுத்தாரா என்ற விவரம் போதும். ஆதாரமில்லாமல் எழுதிய ஒரு பெயர் ஒரு தொழிலாளியைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிடும்.

போலீசுக்கும் கான்ட்ராக்டருக்கும் ஒரே விவரம்தான் போக வேண்டும். நின்றுபோன வேலை, மாற்று மெஷினுக்கான வாடகை ஆகியவற்றைக் கான்ட்ராக்டரின் பிரதியில் மட்டும் சேர்க்கலாம். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பிறகு வேறொரு பொருளும் காணவில்லை என்று தெரிந்தால், பழைய பட்டியலைத் திருத்தாமல் தேதியிட்ட கூடுதல் கடிதமாகக் கொடுப்பதே சரி.