இட்லி அதே ரெண்டுதான். கலோரியை மட்டும் கூட்டுவது எப்படி?

எடை குறைவாக இருக்கும் 15 வயது தம்பி, "ரெண்டு இட்லிலயே வயிறு ஃபுல்" என்கிறானா? மூன்றாவதைத் திணிக்க வேண்டாம். இட்லியில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். வயிறு நிறையும், கலோரி குறைவு. ரெண்டு இட்லிக்குச் சுமார் 120 கலோரிதான். பொடியில் 2 டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டால் இன்னொரு 90 சேரும். தட்டில் அளவு கூடாது.

மீதியை இடைவேளைகளில் பிரிச்சுக் கொடுங்க. 11 மணிக்கு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வறுத்த வேர்க்கடலை: சுமார் 170 கலோரி. மாலையில் வாழைப்பழம், ஒரு டம்ளர் கொழுப்பு நீக்காத பால்: சுமார் 250. மொத்தத்தில் நாளுக்கு 500 கலோரி கூடுதல்.

பெரும்பாலும் சொதப்புவது நேரத்தில்தான். சாப்பாட்டுக்குச் சற்று முன் பாலோ டீயோ குடித்தால் பசி அடங்கிவிடும். பாலைச் சாப்பாட்டுக்குப் பிறகோ, ரெண்டு வேளைக்கு நடுவிலோ கொடுங்கள்.

வாரம் ஒருமுறை, காலையில் சாப்பிடும் முன் எடை பாருங்கள். பெரியவர்களுக்கான 18.5 பிஎம்ஐ கணக்கு இந்த வயதுக்குப் பொருந்தாது. வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணைதான் சரி. ஒரு மாதமாகியும் முள் நகரவில்லை என்றாலோ, எடை இறங்கினாலோ, சாப்பிடவே பயந்தாலோ டாக்டரிடம் போங்கள். அது சமையலறையில் தீரும் பிரச்சினை இல்லை.